லாரியோடு போகும் தாள்கள்

கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்றிலிருந்து மகாராஷ்டிரத்தின் இச்சல்கரஞ்சிக்கு நூல் ஏற்றிப் புறப்படும் லாரியில், விற்பனை பில்லைத் தவிர வழக்கமாக இன்னும் மூன்று தாள்கள் இருக்கும். லாரி ஆபீஸ் எழுதிக் கொடுக்கும் லாரி ரசீது ஒன்று; எல்லோரும் இதை எல்.ஆர். என்பார்கள். ஜிஎஸ்டி இணையதளத்தில் உருவாகும் இ-வே பில் இன்னொன்று. எடை மேடையில் அச்சாகும் எடைச்சீட்டு மூன்றாவது. சாயம் போடவோ நெய்யவோ அனுப்புவதுபோல விற்பனை நடக்காமலே சரக்கு நகர்ந்தால், பில் இருக்க வேண்டிய இடத்தில் டெலிவரி சலான் இருக்கும். ஆர்.சி., இன்சூரன்ஸ், பர்மிட், ஓட்டுநர் உரிமம் ஆகியவையும் ஓட்டுநரிடம் உண்டு. ஆனால் அவை வண்டியையும் ஓட்டுபவரையும் பற்றியவை. சரக்கைப் பற்றிப் பேசுபவை முன்சொன்ன தாள்கள்தான்.

சரக்கு ஒன்றே என்றாலும் தாளுக்குத் தாள் எழுதும் ஆள் வேறு, நேரம் வேறு. ஆலையின் கணக்குப் பிரிவு காலையிலேயே பில் போட்டுவிடும். எந்த லாரி வரும் என்பது அப்போது தெரியாது. லாரி வாசலுக்கு வந்த பிறகு அதன் எண்ணை இ-வே பில்லில் ஏற்றுவார்கள். சுமை ஏற்றி முடியும்போது லாரி ஆபீஸ் ஆள் பைகளை எண்ணி எல்.ஆர். எழுதுவார். வண்டி எடை மேடை ஏறுவது கடைசியில். காலை பில்லுக்கும் மாலை எடைச்சீட்டுக்கும் நடுவே ஒரு பை கிழிந்து இறக்கப்படலாம், வர வேண்டிய லாரிக்குப் பதில் வேறு லாரி வரலாம், வாங்குபவர் வேறொரு கிடங்கைச் சொல்லலாம். அந்த மாற்றம் ஒரு தாளில் ஏறி மற்றொன்றில் ஏறாமல் போகும்போது முரண்பாடு பிறக்கிறது. வழியில் நிறுத்தப்படும் லாரிகளில் வரி ஏய்ப்பு நோக்கத்தோடு வந்தவையும் உண்டு. இப்படி விடுபட்ட ஒரு திருத்தத்தால் மாட்டிக்கொண்டவையும் உண்டு. சாலையில் நிற்கும் அதிகாரிக்கு முதல் பார்வையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

எல்.ஆர். என்பது சரக்கை அனுப்புபவருக்கும் ஏற்றிச் செல்பவருக்கும் இடையிலான ஒப்பந்தச் சான்று. 1865ஆம் ஆண்டின் பழைய சட்டத்தின் இடத்தில் வந்த 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் இதற்கு அடிப்படை. சரக்கின் விவரத்தை முதலில் அனுப்புபவர் எழுதித் தர வேண்டும். சரக்கைப் பெற்றுக்கொண்டதும் லாரி நிறுவனம் மூன்று படிகளாக ரசீது எழுதி, மூலப்படியை அவரிடமே கொடுக்க வேண்டும். அதில் எழுதிய எடையும் எண்ணிக்கையும், மறுத்து நிரூபிக்கப்படும்வரை உண்மையென்றே கொள்ளப்படும். 200 பை என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட லாரி நிறுவனம், போய்ச் சேரும் இடத்தில் 198 பையை இறக்கிவிட்டு ‘எங்களிடம் கொடுத்ததே இவ்வளவுதான்’ என்று எளிதில் சொல்லிவிட முடியாது. எண்ணாமல் ஏற்றிக்கொள்ளும் லாரி ஆபீஸ்கள் அதனால்தான் ‘உள்ளடக்கம் அனுப்பியவர் சொன்னபடி’ என்ற பொருளில் ஒரு வரியை ரசீதில் அச்சிட்டுக்கொள்கின்றன. அந்த வரி இருக்கும் ரசீதை வாங்கும்போது அனுப்புபவர் தாமே நின்று எண்ண வைப்பது நல்லது.

இ-வே பில் அரசுக்கான தாள். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், தமிழ்நாட்டுக்குள் நகரும் சரக்குக்கு அதே ஆண்டு ஜூன் 2 முதலும் இது நடைமுறைக்கு வந்தது. பொது வரம்பு 50,000 ரூபாய். தமிழ்நாட்டுக்குள் மட்டும் நகர்ந்தால் ஒரு லட்சம். இதற்கு இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதியில் அனுப்புபவர், பெறுபவர், புறப்படும் இடம், சேரும் இடம், பில் எண், தேதி, மதிப்பு, பொருளின் எச்எஸ்என் குறியீடு ஆகியவை இருக்கும். இரண்டாம் பகுதி லாரியின் எண். முதல் பகுதி பெரும்பாலும் மாறாது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள் இ-இன்வாய்ஸ் போட வேண்டியிருப்பதால், அந்த விவரங்களிலிருந்தே முதல் பகுதியை நிரப்பிக்கொள்ள முடிகிறது. தட்டச்சுப் பிழைக்கு அங்கே இடம் குறைந்துவிட்டது. தொல்லை அதிகம் வருவது இரண்டாம் பகுதியில். வழியில் லாரி மாறினால், சரக்கு மறுபடி நகர்வதற்கு முன் புதிய எண்ணை அதில் ஏற்றிவிட வேண்டும். செல்லுபடிக் காலத்துக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். புதிய இ-வே பில் தேவையில்லை.

செல்லுபடிக் காலமும் இரண்டாம் பகுதியை முதன்முறை நிரப்பும்போதுதான் ஓடத் தொடங்குகிறது. சாதாரணச் சரக்குக்கு ஒவ்வொரு 200 கிலோமீட்டருக்கும், மிச்சமுள்ள தூரத்துக்கும் ஒவ்வொரு நாள். 2021 ஜனவரிக்கு முன் இது 100 கிலோமீட்டருக்கு ஒரு நாளாக இருந்தது. முதல் நாள் முடிவது மறுநாள் நள்ளிரவில். பதிவான தூரம் 960 கிலோமீட்டர் என்றால் ஐந்து நாள் கிடைக்கும். 3ஆம் தேதி மாலை லாரி எண்ணை ஏற்றினால், முதல் நாள் 4ஆம் தேதி நள்ளிரவிலும் ஐந்தாம் நாள் 8ஆம் தேதி நள்ளிரவிலும் முடியும். நேரத்துக்குள் போய்ச் சேர முடியாவிட்டால், காலாவதியாகும் நேரத்துக்கு எட்டு மணிநேரம் முன்போ அதற்குப் பின் எட்டு மணிநேரத்துக்குள்ளோ காரணம் காட்டி நீட்டித்துக்கொள்ளலாம். அந்தப் பதினாறு மணிநேரம் கைவிட்டுப் போனால் லாரி காலாவதியான தாளோடு நிற்கிறது.

எடைச்சீட்டைச் சட்டம் இந்த அளவுக்குக் கட்டாயமாக்கவில்லை. ஆனாலும் சண்டை வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். ஏற்றிய வண்டியின் மொத்த எடையிலிருந்து வெறும் வண்டி எடையைக் கழித்தால் சரக்கின் எடை. கணக்கு சுலபமாகத் தோன்றினாலும் ஏமாற்றக்கூடியது. வெறும் வண்டியை எடை போட்டபோது டீசல் டேங்க் காலியாக இருந்து, பிறகு வழியில் 300 லிட்டர் நிரப்பியிருந்தால், அதிலேயே சுமார் 250 கிலோ கூடிவிடும். ஒரு முறை ஓட்டுநரும் கிளீனரும் உள்ளே இருந்து, மறுமுறை கீழே இறங்கி நின்றாலும் வித்தியாசம் வரும். நூல் பில்லில் வருவது நூலின் எடை மட்டும். எடை மேடையோ காகிதக் கோன்களையும் பைகளையும் சேர்த்தே நிறுக்கும். போதாததற்குப் பருத்தி ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் போய்ச் சேரும் நூல் ஒரு கோன்கூடக் கூடாமலே எடை கூடியிருக்கலாம். ஆகவே எடைச்சீட்டு பில்லோடு கிலோவுக்குக் கிலோ பொருந்த வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியில்லை. சில நூறு கிலோ வித்தியாசத்துக்கு இதுபோன்ற விளக்கம் இருக்க முடியும். இரண்டு டன் வித்தியாசத்துக்கு இருக்க முடியாது.

இந்தத் தாள்கள் ஒன்றோடொன்று மோதும் விதத்தை ஒரு கற்பனை உதாரணத்தில் பார்க்கலாம். கோவை ஆலை 200 பை பருத்தி நூலை அனுப்புகிறது. பைக்கு 50 கிலோ, மொத்தம் 10,000 கிலோ. கிலோ 280 ரூபாய் என்று வைத்தால் மதிப்பு 28 லட்சம். பருத்தி நூலுக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு, ஆக வரி 1,40,000 ரூபாய். பில், எல்.ஆர்., இ-வே பில் மூன்றும் புறப்படும்போது ஒத்துப்போகின்றன. கர்நாடகத்தில் சித்ரதுர்கா தாண்டியதும் லாரியின் கியர்பாக்ஸ் உடைகிறது. லாரி ஆபீஸ் பக்கத்து ஊரிலிருந்து வேறொரு வண்டியை அனுப்பி, இரவோடு இரவாக 200 பையையும் மாற்றி ஏற்றுகிறது. புதிய ஓட்டுநரிடம் பழைய தாள்கள் எல்லாம் போய்விட்டன. இரண்டாம் பகுதியில் எண்ணை மாற்ற வேண்டியதை மட்டும் யாரும் செய்யவில்லை. ஆலை லாரி ஆபீஸ் பார்த்துக்கொள்ளும் என்று இருந்தது. லாரி ஆபீஸோ வண்டியைக் கிளப்புவதிலேயே குறியாக இருந்தது. மறுநாள் காலை வணிகவரித் துறையின் பறக்கும் படை அந்த லாரியை நிறுத்துகிறது.

அதிகாரி இ-வே பில் எண்ணைத் தன் கைபேசியில் அடித்ததும் வேறொரு லாரியின் எண் திரையில் வருகிறது. சுங்கச்சாவடிகளின் ஃபாஸ்டேக் பதிவும் இ-வே பில் அமைப்போடு இணைக்கப்பட்டிருக்கிறது. எந்த வண்டி எந்தச் சாவடியை எப்போது கடந்தது என்பதை அதில் பார்க்க முடியும். தாளில் இருக்கும் வண்டி ஒரு சாவடிக்குப் பின் எங்கும் கடக்கவில்லை; தாளில் இல்லாத வண்டி சரக்கோடு நிற்கிறது. ஒரே இ-வே பில்லை வைத்து இரண்டு முறை சரக்கு ஓட்டுவது வரி ஏய்ப்பின் பழைய முறை. அதிகாரியின் சந்தேகம் அங்கே போவதில் வியப்பில்லை.

இதன் பிறகு நடப்பதற்கு வகுத்த வரிசை உண்டு. முதலில் ஓட்டுநரிடம் வாக்குமூலம் வாங்குவார்கள். பிறகு சரக்கை நேரில் சரிபார்க்க உத்தரவு. மூன்று வேலை நாட்களுக்குள் சரிபார்ப்பை முடிக்க வேண்டும். கூடுதல் நேரம் வேண்டுமென்றால் மேலதிகாரியின் அனுமதி தேவை. ஆய்வின் சுருக்க அறிக்கை 24 மணிநேரத்துக்குள் இணையதளத்தில் ஏற வேண்டும். எல்லாம் ஒத்துப்போனால் வண்டியை விடுவிக்கும் உத்தரவு வரும். ஒத்துப்போகாவிட்டால் தடுத்துவைக்கும் உத்தரவு. தடுத்துவைத்த ஏழு நாட்களுக்குள் அபராதத்தைக் குறிப்பிட்டு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கிடைத்த ஏழு நாட்களுக்குள் இறுதி உத்தரவு வர வேண்டும். ஓட்டுநர் செய்ய வேண்டியது ஒன்றுண்டு: வாக்குமூலத்தில் வண்டி உடைந்த இடம், நேரம், மாற்றி ஏற்றிய விவரம் எல்லாவற்றையும் தவறாமல் சொல்லிவிட வேண்டும். மெக்கானிக்கின் பில், உடைந்த வண்டியின் படம், அது கடைசியாகக் கடந்த சாவடியின் பதிவு ஆகியவை அந்த வாக்குமூலத்துக்குத் துணை நிற்கும். பிறகு வக்கீல் எழுதும் எந்தப் பதிலையும்விட முதல் நாள் சொன்ன வாக்குமூலத்துக்கு எடை அதிகம்.

அபராதத்தின் அளவை ஜிஎஸ்டி சட்டத்தின் 129ஆம் பிரிவு சொல்கிறது. 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள வடிவத்தில், சரக்கின் உரிமையாளர் முன்வந்தால் வரியைப்போல் இரு மடங்கு. இந்த உதாரணத்தில் அது 2,80,000 ரூபாய். உரிமையாளர் முன்வராவிட்டால், சரக்கு மதிப்பில் பாதி அல்லது வரியைப்போல் இரு மடங்கு, இவற்றில் எது அதிகமோ அது. 28 லட்சத்தில் பாதி 14 லட்சம். உரிமையாளர் யார் என்பதை முடிவு செய்வது அந்த நேரத்தில் லாரியில் இருக்கும் தாள்தான். பில் முதலிய உரிய ஆவணம் சரக்கோடு இருந்தால், அனுப்பியவரையோ பெறுபவரையோ உரிமையாளராகக் கருத வேண்டும் என்று 2018 டிசம்பர் 31ஆம் தேதியிட்ட மத்திய அரசின் சுற்றறிக்கை சொல்கிறது. ஆவணமே இல்லாதபோது அதை அதிகாரி தீர்மானிப்பார். லாரி மாறியபோது பில் பழைய வண்டியின் டாஷ்போர்டிலேயே தங்கிவிட்டிருந்தால், கோவை ஆலைக்காரர் தாம்தான் உரிமையாளர் என்பதையே முதலில் வாதாடி நிறுவ வேண்டியிருக்கும். லாரிக்காரருக்குத் தனி வழி ஒன்று உண்டு: அபராதத் தொகை அல்லது ஒரு லட்சம் ரூபாய், இவற்றில் குறைந்ததைக் கட்டி வண்டியை மட்டும் மீட்டுக்கொள்ளலாம்.

எல்லாப் பிழையையும் இந்தத் தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது என்பதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2018 செப்டம்பர் 14ஆம் தேதியிட்ட 64ஆம் எண் சுற்றறிக்கை, பில்லும் இ-வே பில்லும் கையில் இருக்கும்போது சில சிறு பிழைகளுக்காக 129ஆம் பிரிவைக் கையில் எடுக்கக் கூடாது என்கிறது. பெயரில் எழுத்துப் பிழை இருந்து ஜிஎஸ்டி எண் சரியாக இருப்பது அதில் ஒன்று. பின்கோடு தவறி முகவரி சரியாக இருந்தாலும் பொறுக்கலாம். ஆனால் அந்தத் தவறு செல்லுபடிக் காலத்தைக் கூட்டியிருக்கக் கூடாது. பில் எண்ணிலோ லாரி எண்ணிலோ ஒன்றிரண்டு எழுத்தோ இலக்கமோ மாறியிருக்கலாம். எச்எஸ்என் குறியீட்டின் முதல் இரண்டு இலக்கமும் வரி விகிதமும் சரியாக இருந்து மற்ற இலக்கங்கள் தவறியிருக்கலாம். இத்தகைய பிழைக்கு மத்திய வரியின் கீழ் 500, மாநில வரியின் கீழ் 500 என்று மொத்தம் 1,000 ரூபாய்தான் அபராதம்.

கோவை லாரியின் கதை இந்தச் சலுகைக்குள் வருமா? வராது. அங்கே மாறியது ஒன்றிரண்டு இலக்கம் அல்ல, வண்டி முழுவதுமே. TN 38 என்று தொடங்கும் எண்ணில் 8 இருந்த இடத்தில் 3 அடித்திருந்தால் 1,000 ரூபாயோடு முடிந்திருக்கும். அதே விடுபடல் 2,80,000 ரூபாய் வரை இழுக்கிறது. ஏய்க்கும் நோக்கம் இல்லை என்று சொல்லி மேல்முறையீட்டுக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ போகலாம். தீர்ப்பு வரும்வரை சரக்கு காத்திருக்காது என்பதால், பணமோ வங்கி உத்தரவாதமோ கொடுத்துச் சரக்கை மீட்டுக்கொண்டு வழக்கை நடத்துவதுதான் வழக்கம்.

நீதிமன்றங்கள் நோக்கத்தைப் பார்க்காமல் இல்லை. தெலங்கானாவில் 2020 ஜனவரியில் ஒரு காகித வணிகரின் சரக்கு, பேரணியால் சாலை அடைபட்டதால் சனிக்கிழமை போய்ச் சேரவில்லை. நடுவில் ஞாயிறு வந்தது. திங்கள்கிழமை இறக்கப் போனபோது இ-வே பில் காலாவதியாகியிருந்தது. அதிகாரி சரக்கைத் தடுத்து, வரியும் அபராதமுமாக 69,000 ரூபாய் வசூலித்தார். காலாவதி என்பதை மட்டும் வைத்து வரி ஏய்ப்பு என்று முடிவு கட்ட முடியாது என்ற உயர் நீதிமன்றம், தொகையைத் திருப்பித் தரச் சொன்னதோடு 10,000 ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது. 2022 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்து, செலவுத்தொகையோடு 59,000 ரூபாயைக் கூட்டியது. வணிகருக்கு நீதி கிடைத்தது. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டு ஆயிற்று.

டெலிவரி சலானில் முரண்பாடு வேறு வகையில் வரும். திருப்பூரில் பின்னல் துணி சாயப்பட்டறைக்குப் போகும்போது விற்பனை நடக்கவில்லை; அதனால் வரி பில் கிடையாது. மூன்று படிகளாகச் சலான் போடுவார்கள்: பெறுபவருக்கு ஒன்று, வண்டியோடு ஒன்று, அனுப்புபவரிடம் ஒன்று. போன எடை திரும்பி வராது. சலவையிலும் சாயத்திலும் துணியின் எடை மாறும். வெட்டு, கிழிசலும் போகும். திரும்பி வரும் சலானில் போன எடையை அப்படியே எழுதிவிடும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. தாள் அழகாக ஒத்துப்போகும், துணி ஒத்துப்போகாது. உண்மையான எடையையும் கழிவையும் தனித்தனியே எழுதுவதுதான் பாதுகாப்பு. மூலப்பொருள் ஓர் ஆண்டுக்குள் திரும்பி வராவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கொள்ளப்படும் என்பதால், பழைய சலானின் தேதியும் எடையும் வரிக் கணக்கில் மறுபடி தலைகாட்டும். இந்த ஜாப்வொர்க் துணி மாநில எல்லையைத் தாண்டுமானால் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் வேண்டும். 50,000 ரூபாய் வரம்பு அங்கே செல்லாது.

இனி இறக்கும் இடம். இச்சல்கரஞ்சியில் 200 பைக்கு 198 தான் இறங்குகிறது என்றால், வரித் துறைக்கு முன்பே வாங்குபவரும் லாரி ஆபீஸும் மோத வேண்டிய நேரம் அது. அங்கே முக்கியமான தாள் எல்.ஆரின் ஒப்புகைப் படி. அதில் முத்திரை குத்துமுன் ‘2 பை குறைவு, 1 பை நனைந்திருந்தது’ என்று ஓட்டுநர் முன்னிலையில் எழுதி, அவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். எதையும் எழுதாமல் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு மறுநாள் தொலைபேசியில் சொன்னால், சரக்கு முழுதாகக் கிடைத்தது என்பதற்கு வாங்குபவரே சாட்சி சொன்னதுபோல் ஆகிவிடும். இன்சூரன்ஸ் நிறுவனமும் லாரி நிறுவனத்திடமிருந்து குறைவுச் சான்று கேட்கும். ஒப்புகைப் படியில் குறிப்பு இல்லாவிட்டால் அதைப் பெறுவது கடினம். இங்கே எடைச்சீட்டும் உதவும். புறப்பட்ட இடத்தின் சீட்டிலும் சேர்ந்த இடத்தின் சீட்டிலும் சரக்கெடை சுமார் 100 கிலோ குறைந்தால் இரண்டு பை வழியில் போயிருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய சமம் என்றால், கோவையில் ஏற்றும்போதே எண்ணிக்கை தவறியிருக்க வாய்ப்புண்டு.

ஆலை இதற்காகப் பழைய பில்லைத் திருத்தக் கூடாது. 200 பைக்குப் போட்ட பில் அப்படியே நிற்க, குறைந்த இரண்டு பைக்கு ஆலை கிரெடிட் நோட் போட வேண்டும். வாங்குபவர் அந்த அளவுக்கு உள்ளீட்டு வரியைக் குறைத்துக்கொள்வார். லாரி நிறுவனத்தின் மீது வழக்குப் போட வேண்டிய நிலை வந்தால், அதற்குமுன் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். அதுவும் சரக்கைப் பதிவு செய்த தேதியிலிருந்து 180 நாட்களுக்குள். கணக்கு தொடங்குவது இறக்கிய தேதியிலிருந்து அல்ல, எல்.ஆரின் தலைப்பில் உள்ள தேதியிலிருந்து.